ப்ளூ-க்ரீன்ல சுவிட்ச் ரெண்டு பக்கமும் திரும்பும், டேட்டாபேஸ் திரும்புமா?

(எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

வழக்கம்போல தச்சநல்லூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து பேசுறேன். நடுவுல ரயில் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க, எடிட்ல முடிஞ்ச அளவுக்கு வெட்டிருக்கேன்.

இந்த வாரம் பேசப்போற விஷயம் ப்ளூ-க்ரீன் டிப்ளாய்மென்ட். போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, எங்க டீம்ல ப்ளூ-க்ரீன் போட்டுட்டோம். இனிமே பிரச்சினைன்னா ஒரே நொடியில பழசுக்குத் திரும்பிடலாம்னு லீட் சொல்றாரு. அது உண்மையா?" இதுக்கு என்கிட்ட ஒரு பதில் இருக்கு. அந்தப் பதிலுக்கு நான் ஒரு ராத்திரி தூக்கத்தை விலையாக் கொடுத்திருக்கேன்.

புதுசா கேக்குறவங்களுக்கு முதல்ல ரெண்டு வரி. உங்க அப்ளிகேஷன் ஓடுறதுக்கு ஒரே மாதிரி ரெண்டு செட் சர்வர் வச்சிருப்பீங்க. ஒண்ணுக்கு ப்ளூன்னு பேரு, இன்னொண்ணுக்கு க்ரீன்னு பேரு. இப்போ மக்கள் ப்ளூவைப் பயன்படுத்திக்கிட்டு இருக்காங்கன்னா, புது வெர்ஷனை க்ரீன்ல ஏத்தி, சோதிச்சுப் பார்த்துட்டு, முன்னாடி நிக்கிற லோட் பேலன்ஸர்ல டிராஃபிக்கை க்ரீன் பக்கம் திருப்பி விடுவீங்க. ஏதாவது தப்பா? மறுபடி ப்ளூ பக்கம் திருப்பிடலாம், ப்ளூ அப்படியே ஓடிக்கிட்டுதான் இருக்கு. மார்ட்டின் ஃபவுலர் 2010ல இதைப் பத்தி ஒரு குறிப்பு எழுதினார். டேனியல் நார்த், ஜெஸ் ஹம்பிள் மாதிரி ஆளுங்க செஞ்சு பழகின முறைக்கு அப்புறம்தான் இந்தப் பேரு பரவலாச்சு. அந்தச் சின்னக் குறிப்புலயே டேட்டாபேஸ்தான் இதுல சிக்கல்னு எழுதியிருக்கார். நாங்க படம் வரைஞ்ச பகுதியை மட்டும் படிச்சுட்டு வந்துட்டோம்.

எங்க அமைப்பு எப்படி இருந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. சர்வர் ரெண்டு, ஆனா கீழ டேட்டாபேஸ் ஒண்ணுதான். நம்ம ஊர்ல ஒரு அண்ணாச்சி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கடை வச்சிருக்காரு, பற்று நோட்டு மட்டும் ஒண்ணுதான்னு வைங்க. இந்தக் கடை ஷட்டரைப் போட்டுட்டு அந்தக் கடையைத் திறக்கறது ஒரு நிமிஷ வேலை. ஆனா புதுக் கடையில உக்காந்த பையன் நோட்டுல கோடு மாத்திப் போட்டு, புதுக் கணக்கு முறையில எழுதி வச்சுட்டான்னா, பழைய கடைக்காரர் திரும்ப வந்து நோட்டைத் திறக்கும்போது என்ன ஆகும்? எங்களுக்கு ஆனதும் அதேதான்.

கம்பெனி பேரு வேண்டாம். மருந்து ஹோம் டெலிவரி பண்ற ஒரு சின்ன ஆப், தென் மாவட்டங்கள்ல ஓடிக்கிட்டு இருந்தது. நான் வீட்ல இருந்தே வேலை பார்த்தேன். வாடிக்கையாளருக்கு `customers` டேபிள்ல `phone`னு ஒரே ஒரு காலம். அதுல ஒரு நம்பர்தான் வைக்க முடியும். ரொம்ப நாளா எல்லாரும் கேட்ட வசதி என்னன்னா, ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு நம்பர் வேணும். மருந்து வாங்குறது ஊர்ல இருக்குற ஆச்சி, ஆர்டர் போடுறது சென்னையில இருக்குற மகன். யாருக்கு முதல்ல போன் போடணும்னு குறிச்சு வைக்கணும். அதனால `customer_phones`னு தனி டேபிள், அதுல `is_primary`னு ஒரு காலம். மைக்ரேஷன் ஸ்கிரிப்ட் மூணு வேலை பண்ணிச்சு: புது டேபிளை உருவாக்குச்சு, பழைய நம்பரையெல்லாம் அதுக்குள்ள நகல் எடுத்துச்சு, கடைசியா `phone` காலத்தைத் தூக்குச்சு. சுத்தபத்தமா இருக்குன்னு ரிவ்யூல பாராட்டு வேற கிடைச்சுது. அந்த ஸ்கிரிப்டை எழுதினது நான்தான்.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு க்ரீனுக்குத் திருப்பினோம். போன் நம்பர் வசதியெல்லாம் அழகா வேலை செஞ்சுது. பத்து மணி வாக்குல, அதே ரிலீஸ்ல போன வேற ஒரு மாற்றத்தால, யூபிஐ பணம் வந்த தகவல் ஆர்டர்ல பதியலைன்னு தெரிஞ்சுது. பணம் போயிருச்சு, ஆர்டர் "காத்திருக்கிறது"ன்னே நிக்குது. எங்க லீட் அமைதியா சொன்னார்: "பயப்படாத தம்பி, ப்ளூவுக்குத் திருப்பு." திருப்பினோம். நாலு நொடி ஆச்சு.

அஞ்சாவது நொடியில இருந்து எல்லாப் பக்கமும் 500. லாக்ல ஒரே வரி ஓடிக்கிட்டே இருந்தது:

```
ERROR:  column "phone" does not exist
```

ப்ளூ நல்லாத்தான் இருந்தது. அதோட கோடுல ஒரு எழுத்து மாறல. அது எதிர்பார்க்குற நோட்டுதான் மாறிப்போச்சு. க்ரீன்ல பணம் பதியாது, ப்ளூ திறக்கவே திறக்காது. நடுவுல நாங்க.

அப்போ யாரோ "டவுன் மைக்ரேஷன் இருக்குல்ல"ன்னு கேட்டாங்க. இருந்துச்சு, அதையும் நான்தான் எழுதியிருந்தேன்:

```sql
ALTER TABLE customers ADD COLUMN phone text;
UPDATE customers c SET phone =
  (SELECT p.number FROM customer_phones p
   WHERE p.customer_id = c.id
   ORDER BY p.id LIMIT 1);
```

இதை ஓட்டினதும் ப்ளூ எழுந்துருச்சு. எல்லாரும் மூச்சு விட்டோம். ஆனா அந்த `ORDER BY p.id LIMIT 1`ஐ ஒரு தடவை திரும்பப் பாருங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு நம்பர் இருந்தா, முதல்ல ஏறின நம்பரை எடுக்கும். `is_primary`யைப் பார்க்கவே இல்ல. க்ரீன் ஓடின அந்தக் கொஞ்ச நேரத்துல சில பேரு புது நம்பரைச் சேர்த்து, அதை முதன்மையாக் குறிச்சிருந்தாங்க. அவங்க எல்லாருக்கும் பழைய நம்பரே திரும்பி வந்துருச்சு. எந்த எரரும் இல்ல, எந்த அலாரமும் அடிக்கல.

மறுநாள் காலையில மேலப்பாளையத்துல ஒரு ஆச்சிக்கு இன்சுலின் போகணும். டெலிவரி அண்ணன் ஸ்விட்ச் ஆஃப் ஆன பழைய நம்பருக்கு மூணு தடவை அடிச்சுட்டு, ஐஸ் பெட்டியோட திரும்பிட்டார். மத்தியானம் சென்னையில இருந்து மகன் கூப்பிட்டார். "நேத்து ராத்திரிதானே சார் நம்பர் மாத்தினேன், மாத்தியாச்சுன்னு மெசேஜ்கூட வந்துச்சே"ன்னார். மெசேஜ் பொய் இல்ல, மாத்தத்தான் செஞ்சிருந்தோம். அப்புறம் அதை நாங்களே அழிச்சுட்டோம். சாயங்காலத்துக்குள்ள மருந்து போய்ச் சேர்ந்துச்சு. அவர்கிட்ட என்ன விளக்கம் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

இதுல எனக்கு அதிகமா உறைச்சது வேற ஒண்ணு. நாங்க ரோல்பேக்கைச் சோதிக்காம விடல. ஒரு மாசத்துக்கு முன்னாடி அதே ப்ளூ-க்ரீன் அமைப்புல போய்ட்டு, திரும்பி வந்து, மூணு நொடின்னு குறிச்சு வச்சிருந்தோம். ஆனா அந்த ரிலீஸ்ல டேட்டாபேஸ் மாற்றமே கிடையாது. நாங்க சோதிச்சது லோட் பேலன்ஸரைத்தான். டவுன் மைக்ரேஷனையும் ஓட்டிப் பார்த்தோம், ஆனா மைக்ரேஷன் முடிஞ்ச கையோட, யாரும் புது வசதியைத் தொடுறதுக்கு முன்னாடி. அப்போ ஆளுக்கு ஒரே நம்பர்தான் இருக்கும், எந்த நம்பரை எடுக்கணும்ங்குற கேள்வியே வராது. சோதனை பாஸ் ஆகாம என்ன செய்யும்?

பழைய கோடுக்குத் திரும்பறதே ஆபத்தாகலாம்ங்கறதுக்கு உலகம் அறிஞ்ச ஒரு கதை இருக்கு. அமெரிக்காவுல நைட் கேப்பிட்டல்னு ஒரு பங்கு வர்த்தக நிறுவனம், 2012 ஆகஸ்ட் 1. அது ப்ளூ-க்ரீனும் இல்ல, டேட்டாபேஸும் இல்ல, ஆனா முடிச்சு அதேதான். எட்டு சர்வர்ல ஏழுக்குத்தான் புதுக் கோடு போயிருந்துச்சு. புதுக் கோடு, முன்னாடி வேற ஒரு வேலைக்கு இருந்த ஒரு குறியீட்டை எடுத்துப் புது அர்த்தத்துல பயன்படுத்துச்சு. எட்டாவது சர்வர்ல இருந்த பழைய கோடு அந்தக் குறியீட்டைப் பழைய அர்த்தத்துலயே எடுத்துக்கிட்டு, கட்டுப்பாடில்லாம ஆர்டர்களை அனுப்ப ஆரம்பிச்சுது. என்ன தப்புன்னு புரியாத அவசரத்துல, சரியா இருந்த ஏழு சர்வர்ல இருந்தும் புதுக் கோடை எடுத்துட்டாங்க. ஆனா உள்ள வர்ற ஆர்டர்கள் புது அர்த்தத்துலதான் வந்துக்கிட்டு இருந்துச்சு. அதனால எட்டு சர்வரும் தப்பு பண்ண ஆரம்பிச்சுது. சுமார் 45 நிமிஷம், 46 கோடி டாலருக்கு மேல நஷ்டம். ரோல்பேக் பண்ணது நிலைமையை மோசமாக்குச்சுன்னு அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தோட 2013 உத்தரவுலயே இருக்கு.

சரி, எங்க கேஸுக்கு வருவோம். ரெண்டாவது தடவை அதே மாற்றத்தை எப்படிப் பண்ணோம்னு விவரமாச் சொல்றேன். ஒரே ரிலீஸா இருந்ததை நாலா உடைச்சோம். இதுக்கு விரிச்சு, மாறி, சுருக்குற முறைன்னு சொல்லலாம்.

முதல் ரிலீஸுக்கு முன்னாடி டேட்டாபேஸ்ல `customer_phones` டேபிளை மட்டும் சேர்த்தோம். பழைய கோடுக்கு அப்படி ஒரு டேபிள் இருக்குன்னே தெரியாது, அதனால அதுக்கு ஒண்ணும் ஆகல. ஒரு நாள் அப்படியே விட்டோம். அப்புறம் முதல் ரிலீஸ்: நம்பரைப் படிக்கறது பழைய காலத்துல இருந்துதான், ஆனா எழுதும்போது ரெண்டு இடத்துலயும் எழுதும், அதுவும் ஒரே டிரான்ஸாக்‌ஷன்ல. டிராஃபிக் முழுசா இதுக்கு மாறினதுக்கு அப்புறம்தான் பழைய நம்பர்களைக் கொஞ்சம் கொஞ்சமா புது டேபிளுக்கு நகல் எடுத்தோம். இந்த வரிசை முக்கியம். முன்னாடியே நகல் எடுத்துட்டா, நகலுக்கும் சுவிட்சுக்கும் நடுவுல பழைய கோடு எழுதின நம்பரெல்லாம் புது டேபிள்ல விட்டுப்போகும். அதே மாதிரி, முதல் ரிலீஸ்ல இருந்து பழசுக்குத் திரும்பிப் போக வேண்டி வந்தா தாராளமாப் போகலாம், ஆனா மறுபடி முன்னாடி வரும்போது நகலை மறுபடி எடுக்கணும்.

ரெண்டாவது ரிலீஸ்: படிக்கறது புது டேபிள்ல இருந்து. எழுதறது இன்னும் ரெண்டு இடத்துலயும். முதன்மை நம்பர் எதுவோ அது `phone` காலத்துலயும் விழும். இங்கதான் நிறைய நம்பர் வைக்கிற வசதியைத் திறந்தோம். இப்போ முதல் ரிலீஸுக்குத் திரும்பினா, அது `phone` காலத்தைப் படிக்கும், அங்க சரியான முதன்மை நம்பர் இருக்கும். மத்த நம்பர் திரையில தெரியாது, ஆனா டேபிள்ல பத்திரமா இருக்கும். ஒரே ஒரு கவனம்: முதல் ரிலீஸ் புது டேபிள்ல எழுதும்போது முதன்மை வரியை மட்டும்தான் திருத்தணும். அந்த ஆளோட எல்லா வரியையும் அழிச்சுட்டுப் புதுசா ஒண்ணு போடுற மாதிரி எழுதியிருந்தா, திரும்பிப் போன நேரத்துல மத்த நம்பரெல்லாம் காலி. நான் முதல்ல அப்படித்தான் எழுதியிருந்தேன். அதை எப்படிக் கண்டுபிடிச்சோம்னு அப்புறம் சொல்றேன்.

மூணாவது ரிலீஸ்ல பழைய காலத்துல எழுதறதை நிறுத்தினோம். அதுக்கு முன்னாடி `phone` காலத்துல இருந்த `NOT NULL` கட்டுப்பாட்டை எடுக்கணும், இல்லைன்னா புது வாடிக்கையாளரைச் சேர்க்கும்போதே விழுந்துடும். நாலாவதா, காலத்தையே தூக்கறது.

இதுல நம்பி இருக்குற கணக்கு என்னன்னா, திரும்பறது ஒரு படி மட்டும்தான். ரெண்டுல இருந்து ஒண்ணுக்கு, மூணுல இருந்து ரெண்டுக்கு. மூணுல இருந்து ஒண்ணுக்குத் தாவினீங்கன்னா, `phone` காலம் இருக்கும், எரர் வராது, ஆனா உள்ள இருக்குறது பழைய நம்பர். அது 500ஐ விட மோசம், ஏன்னா அது யாருக்கும் தெரியாது. மறுபடி ஒரு ஐஸ் பெட்டி திரும்பி வரும்போதுதான் தெரியும்.

இப்போ அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு வரேன். ஒரே நொடியில திரும்ப முடியுமான்னு எப்படிச் சரிபார்க்கறது? நாங்க இப்போ ஸ்டேஜிங்ல ஒவ்வொரு ரிலீஸுக்கும் பண்ற ஒத்திகை இதுதான். முதல்ல டேட்டாபேஸ் மாற்றத்தை மட்டும் ஏத்திட்டு, பழைய வெர்ஷனோட டெஸ்ட் எல்லாத்தையும் புது ஸ்கீமா மேல ஓட்டுவோம். அன்னிக்கு எனக்கு விழுந்த `column "phone" does not exist` இந்த இடத்துலயே மாட்டியிருக்கும். அப்புறம் க்ரீனுக்குத் திருப்பி, புது வசதியை வேணும்னே பயன்படுத்துவோம். ரெண்டு நம்பர் சேர்ப்போம், முதன்மையை மாத்துவோம், ஒரு ஆர்டர் போடுவோம். அப்புறம் ப்ளூவுக்குத் திரும்பி, க்ரீன் எழுதின அதே வாடிக்கையாளரை, அதே ஆர்டரைத் திறப்போம். தெரியுதான்னு பார்த்துட்டு நிறுத்தக் கூடாது. அதைத் திருத்திச் சேமிக்கணும். கடைசியா மறுபடி க்ரீனுக்குப் போய், ப்ளூ திருத்தினது ஒழுங்கா இருக்கான்னு பார்ப்போம்.

இந்தக் கடைசிப் படியை நிறைய டீம் பண்றதில்ல. நான் எழுதின "எல்லாத்தையும் அழிச்சுட்டு ஒண்ணு போடு" தப்பு இதுலதான் மாட்டுச்சு. ப்ளூல பார்க்கும்போது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. க்ரீனுக்கு வந்து பார்த்தா ரெண்டாவது நம்பரைக் காணோம்.

நேரத்தை அளக்கறதுலயும் ஒரு சின்ன ஏமாத்து இருக்கு. எங்களுக்கு முன்னாடி நிக்கிறது `nginx`. கான்ஃபிக்ல ப்ளூவோட முகவரியைப் போட்டு `nginx -s reload` கொடுத்தா, புது ரிக்வெஸ்ட் உடனே ப்ளூவுக்குப் போகும். ஆனா ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்குற ரிக்வெஸ்ட் முடியுற வரைக்கும் பழைய ஒர்க்கர் உயிரோட இருந்து க்ரீன்லயே முடிச்சு வைக்கும். அது நல்ல குணம்தான். ஆனா அந்த நேரம் முழுக்க ரெண்டு வெர்ஷனும் ஒரே டேட்டாபேஸ்ல எழுதிக்கிட்டு இருக்கு. வெப்சாக்கெட் இருந்தா இது மணிக்கணக்குலகூடப் போகும். இதுபோக, பின்னணியில ஓடுற க்யூ ஒர்க்கர், கிரான் ஜாப் எல்லாம் லோட் பேலன்ஸர் பேச்சைக் கேக்காது. அதைத் தனியா நிறுத்தணும். அதனால நாங்க குறிக்கிற நேரம், சுவிட்ச் போட்ட நொடி இல்ல. க்ரீன்ல இருந்து டேட்டாபேஸுக்கு வந்த கடைசி எழுத்து எப்போங்குறதுதான். போஸ்ட்கிரெஸ்ல கனெக்‌ஷனுக்கு `application_name`ல நிறத்தைப் போட்டு, எழுதுற கமாண்டும் அந்தப் பேரும் லாக்ல வர்ற மாதிரி அமைச்சு வச்சா, யார் எழுதினாங்கன்னு தெரிஞ்சுடும். எங்க சுவிட்ச் நாலு நொடி, உண்மையான ரோல்பேக் ஒரு நிமிஷத்துக்கு மேல.

"அப்போ டேட்டாபேஸையும் ரெண்டா வச்சுக்கலாமே"ன்னு கேப்பீங்க. வைக்கலாம். அமேசான் 2022 நவம்பர்ல ஆர்டிஎஸ்க்கு ப்ளூ-க்ரீன் வசதியைக் கொண்டுவந்தாங்க. ப்ளூ டேட்டாபேஸ்ல எழுதறது க்ரீனுக்கு நகலாகிக்கிட்டே இருக்கும், சுவிட்ச் பண்ணா பொதுவா ஒரு நிமிஷத்துக்குள்ள முடியும். பழைய டேட்டாபேஸ் `-old1`னு பேரு மாறி ஓரமா நிக்கும். ஆனா சுவிட்சுக்கு அப்புறம் க்ரீன்ல எழுதறது அந்தப் பழசுக்குத் தானா போறதில்ல. நீங்களே எதிர்ப்பக்க நகலை ஏற்பாடு பண்ணாத வரைக்கும், திரும்பினா சுவிட்சுக்கு அப்புறம் வந்த ஆர்டர் எல்லாம் பழசுல இருக்காது. பற்று நோட்டு ரெண்டாச்சு, ஆனா நேத்து ராத்திரி வாங்கினவன் கணக்கு ஒரு நோட்டுலதான் இருக்கு. வெர்ஷன் அப்கிரேடுக்கு அருமையான வசதி அது. கோடு ரோல்பேக்குக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

மெதுவாப் போறதுல ஒரு விலையும் இருக்கு, அதையும் சொல்லணும். ஒரே ராத்திரியில முடியவேண்டிய வேலைக்கு எங்களுக்கு ஆறு வாரம் ஆச்சு. நடுவுல ரெண்டு இடத்துல எழுதுற கோடு அசிங்கமாத்தான் இருந்துச்சு. எல்லா மாற்றத்துக்கும் இது தேவையா? சும்மா ஒரு காலம் சேர்க்குறீங்க, காலியா இருந்தாலும் பரவால்லைன்னா, ஒரே ரிலீஸ் போதும். பேரு மாத்துறது, பிரிக்குறது, அர்த்தத்தை மாத்துறது, தூக்குறது, இந்த நாலும்தான் ஆறு வாரக் கேஸ்.

நாலாவது ரிலீஸ் அன்னிக்கு `phone` காலத்தைத் தூக்கறதுக்கு முன்னாடி, வாடிக்கையாளர் ஐடியோட அந்தக் காலத்தை மட்டும் ஒரு ஃபைல்ல எடுத்து வச்சோம். மூணாவது வெர்ஷன்ல ஓஆர்எம் இன்னும் அந்தக் காலத்தை செலக்ட்ல கேக்குதான்னு தேடிப் பார்த்து, ஒரு ரிப்போர்ட்ல கேக்குறதைக் கண்டுபிடிச்சு எடுத்தோம். அப்புறம் இது:

```sql
SET lock_timeout = '2s';
ALTER TABLE customers DROP COLUMN phone;
```

அந்த ரெண்டு நொடி எதுக்குன்னா, காலத்தைத் தூக்க டேபிள் மேல முழுப் பூட்டு வேணும். வேற ஏதாவது நீளமான ரிப்போர்ட் ஓடிக்கிட்டு இருந்தா `ALTER` காத்திருக்கும், அதுக்குப் பின்னாடி வர்ற எல்லா ரிக்வெஸ்டும் அதோட சேர்ந்து வரிசையில நிக்கும். ரெண்டு நொடியில கிடைக்கலைன்னா விட்டுட்டு அப்புறம் முயற்சி பண்றது மேல். எங்களுக்கு முதல் ரெண்டு தடவை கிடைக்கல. மூணாவது தடவை, பகல் பதினொன்னே கால் மணிக்கு, காலம் போச்சு. நான் டீ குடிக்கக் கீழ இறங்கிப் போனேன்.

உங்க டீம்ல இந்த ஒத்திகையை ஓட்டிப் பார்த்தீங்கன்னா, எந்தப் படியில மாட்டுச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல படிக்கிறேன். வரேன் மக்களே.